விலை சொல்லாமல் ஆவலைக் கூட்டுவது: சிறு நகை வடிவமைப்பாளரின் தீபாவளித் தொகுப்புக்கு ஒரு காத்திருப்புப் பட்டியல்

இருட்டுப் பின்னணியில் ஒரு ஜிமிக்கியின் ஓரம் மட்டும் மின்னும். கீழே "விரைவில்..." என்ற ஒற்றைச் சொல். பண்டிகைத் தொகுப்புக்கு முன்னோட்டம் போடுகிறவர்களில் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். பதிலுக்கு வருவது ஒரே கேள்வி: "விலை?" உலோகமும் எடையும் எண்ணிக்கையும் நாளும் தெரியாதபோது, பார்க்கிறவருக்குக் கேட்க வேறொன்றும் மிஞ்சுவதில்லை.

விலையைச் சொல்லாமல் ஆவலைக் கூட்ட வேண்டுமானால் இரண்டே இரண்டை மறையுங்கள்: விலை, நகையின் முழு உருவம். மற்ற எல்லாவற்றையும் துல்லியமாகச் சொல்லிவிடுங்கள். விலை எந்த நாள், எத்தனை மணிக்கு வரும் என்பதும் அந்த "மற்ற எல்லாவற்றிலும்" அடங்கும். இந்த வழிகாட்டி முழுக்க அதைச் செய்யும் முறைதான்.

எடுத்துக்காட்டாக ஒரு தொகுப்பை வைத்துக்கொள்வோம். 92.5 வெள்ளியில் செய்து தங்கமுலாம் பூசி, கெம்புக்கல் பதித்த நகைகள். நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால் இந்த வகையைப் பலரும் அறிவார்கள். ஜிமிக்கி 18 ஜோடி, நெற்றிச்சுட்டி 12, அட்டிகை 6. மொத்தம் 36. ஒரே ஆள் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறார், உதவிக்கு வீட்டில் ஒருவர். தீபாவளிக்குள் நகை கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

நாள் குறிப்பது

மகாளய பட்சத்தில் புது நகை வாங்காத வீடுகள் நிறைய. அந்தப் பதினைந்து நாளில் விற்பனையைத் திறந்தால் "அமாவாசை கழியட்டும்" என்பார்கள், அதற்குள் சூடு ஆறிவிடும். ஆனால் தயாரிப்புக்கு அது நல்ல காலம். மகாளய அமாவாசைக்குள் 36 நகையும் பட்டறையிலிருந்து வந்து, எடை போட்டு, படமெடுத்து முடிந்திருக்க வேண்டும். ஆயுத பூஜையை ஒட்டிப் பட்டறை மூடும். அதன்பின் தீபாவளி ஆர்டர்களில் ஆசாரிக்குத் தலை நிமிர நேரமிருக்காது. "மீதி ஆறை அப்புறம் தருகிறேன்" என்பதை நம்பி எண்ணிக்கையை அறிவிக்கக் கூடாது.

முன்னோட்டம் நவராத்திரி முதல் நாள் தொடங்கட்டும். சரஸ்வதி பூஜை இரவு காத்திருப்புப் பட்டியலை மூடுங்கள். விஜயதசமி மாலை 7 மணிக்குப் பட்டியலில் உள்ளவர்களுக்கு முழுப் படமும் விலையும் போகும். மறுநாள் மாலை 7 மணிக்கு விற்பனை. அங்கிருந்து தீபாவளிக்கு ஏறக்குறைய இரண்டரை வாரம் இருக்கும். ஐந்து நாளில் அனுப்பி முடித்தால் கூரியர் நெரிசலுக்கு முன் பெட்டிகள் போய்ச் சேர்ந்துவிடும்.

விலை ஏன் இப்போது இல்லை: உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள்

"வெள்ளி விலை ஏறி இறங்குகிறது, அதனால் இப்போது சொல்ல முடியாது" என்று எழுதுவது வழக்கம். 2025-இல் ஒரே ஆண்டில் வெள்ளி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் நகை செய்து முடிந்து, ஆசாரிக்குக் கணக்கும் தீர்த்துவிட்டீர்கள் என்றால் அது சாக்குதான். வெள்ளி விலை இறங்கும் வாரத்தில் "அப்படியானால் குறைப்பீர்களா?" என்று ஒருவர் கேட்பார், பதில் இருக்காது.

உண்மையான காரணம் வேறு, அதைச் சொல்வதில் கூச்சமும் வேண்டாம். ஓரத்தை மட்டும் காட்டிவிட்டு விலையைச் சொன்னால், பார்க்கிறவர் அதை ஒப்பிடக் கைவசம் இருப்பது ஒன் கிராம் கோல்டு செட் மட்டுமே. வெள்ளியா பித்தளையா, கல் ஒட்டியதா பதித்ததா என்பது தெரியாமல் வெறும் எண்ணைப் பார்த்தால் எந்த விலையும் அதிகமாகத்தான் படும். முழு உருவத்தை மறைக்கவும் நியாயம் இருக்கிறது. இரண்டு வாரம் முன்பே முழுப் படத்தைப் போட்டால், இமிடேஷன் சந்தையில் அதே வடிவத்தை வார்த்தெடுக்க அந்த அவகாசம் போதும். ஆகவே "முழுப் படம், விலை இரண்டையும் சேர்த்துத்தான் காட்டுகிறோம்" என்ற ஒரே வரி போதும். அது உண்மை, எந்த வாரத்திலும் மாறாது.

விலையை உள்ளுக்குள் முடிவு செய்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முதல் முன்னோட்டம் போகும் முன்பே 36 நகைக்கும் இறுதி விலை ஒரு தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும், 3% ஜிஎஸ்டி உண்டென்றால் அதுவும், பெட்டி, கூரியர், காப்பீடு எல்லாம் சேர்த்து. பட்டியலில் கூட்டம் சேர்வதைப் பார்த்த பிறகு விலையை ஏற்ற ஆசை வரும். எழுதிய தாள் அதைத் தடுக்கும்.

விலைக்குப் பதிலாக என்ன கொடுப்பது

ஜிமிக்கி வாங்குகிறவரின் மனதில் விலைக்கு அடுத்து நிற்கும் கேள்வி, காது தாங்குமா என்பது. ஒரு ஜோடி 19 கிராம் என்றால், ஒரு காதுக்கு ஒன்பதரை கிராம். அதை அப்படியே எழுதுங்கள். மாட்டல் சேர்த்தா தனியா, திருகு வெள்ளியா, தண்டின் தடிமன் என்ன, தோடு மட்டும் கழற்றிப் போடலாமா என்பதையும் எழுதுங்கள். அட்டிகைக்குக் கழுத்துச் சுற்றளவும், பின்னால் கயிறா சங்கிலியா என்பதும் வேண்டும். நெற்றிச்சுட்டிக்கு வகிட்டுச் சங்கிலியின் நீளம் வேண்டும். பலர் சுட்டி வாங்கி ஏமாறுவது அந்த நீளத்தில்தான், அரை அங்குலம் கூடினால் புருவத்துக்கு நடுவே வந்து தொங்கும்.

இவற்றைச் சொல்லும்போது, விலையைச் சொல்லாமலே வாசகருக்கு ஒரு கணிப்பு கிடைத்துவிடும். 92.5 வெள்ளி, 19 கிராம், கைப்பதிப்பு என்று படித்தவர் இது சில நூறு ரூபாய்ச் சமாச்சாரமல்ல என்று தெரிந்துகொள்வார். கட்டுப்படியாகாதவர் தானே விலகுவார், விஜயதசமியன்று அதிர்ச்சியடைய மாட்டார். எடையை மறைத்து முன்னோட்டம் போடுகிறவர்கள் இந்த வடிகட்டலை இழக்கிறார்கள்.

படத்துக்கு ஒரு குறிப்பு. கெம்புக்கல்லின் அடியில் மினுமினுக்கும் தாள் இருக்கும். போன் ஃபிளாஷ் நேரே அடித்தால் கல் வெளுத்து, கண்ணாடித் துண்டுபோலத் தெரியும். காலை வேளையில் ஜன்னலோரம், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுங்கள். குத்துவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம் அழகுதான், முன்னோட்டத்துக்குப் பொருந்தும். ஆனால் அதில் முலாம் இருப்பதைவிட மஞ்சளாகத் தெரியும். அதனால் விலையோடு போகும் முழுப் படம் பகல் வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் "நேரில் நிறம் வேறு" என்று நகை திரும்பி வரும். அளவு காட்ட ஒரு ரூபாய் நாணயத்தை வைக்காதீர்கள். புதியதும் பழையதும் ஒரே அளவில்லை. ஸ்கேலோ காதில் போட்ட படமோ போதும்.

பட்டியலை அமைப்பது

இன்ஸ்டாகிராம் பதிவின் கீழ் எழுதும் இணைப்பைத் தொட்டால் திறக்காது. இணைப்பை முகப்பு விவரத்திலும், ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கராகவும் வையுங்கள். தொட்டதும் உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு, முன்பே எழுதிய ஒரு சொல்லோடு செய்தி திறக்கும்படி மூன்று நகை வகைக்கும் மூன்று இணைப்பு செய்துகொள்ளலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=DEEPAVALI%20JIMIKKI
https://wa.me/91XXXXXXXXXX?text=DEEPAVALI%20SUTTI
https://wa.me/91XXXXXXXXXX?text=DEEPAVALI%20ATTIGAI
```

91-க்குப் பின் உங்கள் பத்து இலக்க எண். முன்னால் கூட்டல் குறியோ பூஜ்யமோ இடைவெளியோ வேண்டாம். `%20` என்பது சொற்களுக்கு நடுவே இடைவெளி. வகைக்கு ஓர் இணைப்பு வைப்பதால், செய்தி வரும்போதே எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப் பிசினஸில் அந்த வகைக்கான லேபிளை உடனே ஒட்டிவிடுங்கள்.

வந்தவரிடம் மூன்றே கேள்வி: பெயர், ஊர், பின்கோடு. பின்கோடு இப்போதே வேண்டியதற்குக் காரணம், அந்த ஊருக்குக் கூரியர் போகுமா என்பதை விற்பனை இரவில் தேடிக்கொண்டிருக்க முடியாது. பிறந்தநாள், மின்னஞ்சல் என்று நீட்டாதீர்கள். எண்ணை இந்தத் தொகுப்புக்கு மட்டும் பயன்படுத்துவோம் என்று எழுதுங்கள், எழுதியபடி நடங்கள்.

பிறகு வரிசை எண்ணைக் கொடுங்கள். "ஜிமிக்கிப் பட்டியலில் நீங்கள் 23-ஆவது. இருப்பது 18 ஜோடி. விலை பார்த்த பிறகு சிலர் விலகுவார்கள், ஆகவே வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை." 'சீக்கிரம்! சில மட்டுமே!' என்று கத்துவதைவிட இந்த இரண்டு எண்களும் ஆவலை அதிகம் கூட்டும். ஒரு வகையின் பட்டியல் எண்ணிக்கையின் நான்கு மடங்கைத் தொட்டதும் மூடிவிடுங்கள். அதாவது ஜிமிக்கிக்கு 72, சுட்டிக்கு 48, அட்டிகைக்கு 24. அதற்கு மேல் பெயர் வாங்குவது பொய் நம்பிக்கை கொடுப்பதாகும்.

இந்த முறையில் வழக்கமாகக் கவிழும் இடம் ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், நம் கணக்குக்கு அது தாராளம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். சேமிக்காதவருக்கு ஒன்றும் வராது, உங்களுக்கு எச்சரிக்கையும் வராது. விலை போன இரவு அவர் காத்திருந்து காத்திருந்து, "என்னை விட்டுவிட்டீர்களே" என்று மறுநாள் எழுதுவார். அதனால் வரிசை எண் சொல்லும் அதே செய்தியில் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். பட்டியலை மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு சிறிய பிராட்காஸ்ட் அனுப்பிச் சோதியுங்கள், நகையின் பூட்டுப் படம் ஒன்று போதும். பிறகு அந்தச் செய்தியின் `Info` பகுதியில் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். ஒரு நாள் கழித்தும் பெயர் வராதவர்களுக்குத் தனித்தனியே எழுதி, சேமிக்கச் சொல்லுங்கள்.

ஒன்பது இரவுக்கு ஐந்து பதிவு

நவராத்திரி ஒன்பது நாளும் ஒன்பது பதிவு போடத் தோன்றும். வேண்டாம். 36 நகையில் ஒன்பது நாளுக்குச் சொல்லப் புதிதாக ஒன்றும் இருக்காது, நான்காம் நாளே முழு வடிவமும் வெளியே வந்துவிடும். முதல், மூன்றாம், ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் நாள் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு விஷயம்.

முதல் பதிவு எண்ணிக்கையும் நாளும். படத்தில் மூடிய பெட்டிகள், அவ்வளவுதான். வாசகம் இப்படி இருக்கலாம்:

"ஜிமிக்கி 18 ஜோடி. நெற்றிச்சுட்டி 12. அட்டிகை 6. இந்தத் தீபாவளிக்குச் செய்தது இவ்வளவுதான், செய்தும் முடித்தாகிவிட்டது. 92.5 வெள்ளி, தங்கமுலாம், கையால் பதித்த கெம்பு. விஜயதசமி மாலை 7 மணிக்கு முழுப் படமும் விலையும் பட்டியலில் உள்ளவர்களுக்கு வரும். பெயர் சேர்க்க முகப்பில் இணைப்பு. முன்பணம் கிடையாது."

"முன்பணம் கிடையாது" என்பதை விட்டுவிடாதீர்கள். விலை தெரியாத பொருளுக்கு ஒரு ரூபாய் வாங்கினாலும் அதுவரை சேர்த்த நம்பிக்கை போய்விடும்.

மூன்றாம் நாள் ஜிமிக்கியின் பின்புறம். திருகு, கல் அடைப்பின் முதுகு, 925 முத்திரை. முன்புறத்தை மறைத்துப் பின்புறத்தைக் காட்டுவது விளையாட்டுக்காக மட்டுமல்ல. வேலைப்பாடு தெரிந்தவர் முதலில் திருப்பிப் பார்ப்பது அதைத்தான். ஐந்தாம் நாள் அட்டிகையின் ஒரு அன்னப்பட்சி மட்டும், அலகும் கண்ணும் தெரிகிற அளவுக்கு நெருக்கமாக. கண்ணுக்குப் பதித்த கல் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு வரி. ஏழாம் நாள் அளவுகள்: மூன்று வகைக்கும் எடை, நீளம். இந்தப் பதிவுக்கு விருப்பக்குறி குறைவாகத்தான் விழும், ஆனால் சேமித்து வைப்பவர்கள் அதிகம் இருப்பார்கள். வாங்கப் போகிறவர்கள் அவர்கள்தான். ஒன்பதாம் நாள் பட்டியல் மூடும் அறிவிப்பு. ஸ்டோரியில் கவுண்ட்டவுன் ஸ்டிக்கரை விஜயதசமி மாலை 7 மணிக்கு வைத்துவிடுங்கள், தொட்டவருக்கு நேரம் வந்ததும் நினைவூட்டல் போகும்.

இடையில் "விலை?" என்று கேட்பவருக்கு மௌனமோ "இன்பாக்ஸ் வாருங்கள்" என்பதோ வேண்டாம். ஒருவருக்கு இன்பாக்ஸில் விலை சொன்னால் அன்று மாலைக்குள் அதன் ஸ்கிரீன்ஷாட் நான்கு குழுவில் சுற்றும். நெருங்கிய வாடிக்கையாளர், உறவுக்காரர் என்று யாருக்கும் விலக்கு வைக்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே பதிலை வாட்ஸ்அப் பிசினஸில் `/vilai` என்ற விரைவுப் பதிலாகச் சேமித்துவையுங்கள்: "விஜயதசமி மாலை 7 மணிக்கு முழுப் படத்தோடு சேர்த்துச் சொல்கிறோம். ஜிமிக்கி ஜோடி 19 கிராம் வெள்ளி. பெயர் சேர்த்தால் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை, விலை பார்த்துவிட்டு வேண்டாம் என்றும் சொல்லலாம்."

விலை சொல்லும் இரவும் அடுத்த நாளும்

விஜயதசமி மாலை பட்டியலில் ஜிமிக்கிக்கு 61 பேர், சுட்டிக்கு 22, அட்டிகைக்கு 24 என்று வைத்துக்கொள்வோம். மூன்று வகைக்கும் மூன்று பிராட்காஸ்ட். ஒவ்வொன்றிலும் பகல் வெளிச்சப் படம், எடை, வரியும் அனுப்பும் செலவும் சேர்த்த மொத்த விலை, அதன் பிரிவு விவரம். விற்பனைக்கு வைக்கும்போது மொத்த விலையை ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும் என்பது 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில் உள்ளது. பணம் கட்டும் கட்டத்தில் "பேக்கிங் தனி" என்று சேர்ப்பது 2023-இல் மத்திய அரசு தடுத்த ஏமாற்று உத்திகளில் ஒன்று. பொய் அவசரம் காட்டுவதும் அதே பட்டியலில் இருக்கிறது. 6 அட்டிகை என்று சொல்லிவிட்டு ஏழாவதை அலமாரியிலிருந்து எடுத்தால் அதில்தான் சேரும்.

செய்தியின் கடைசி வரி: "வேண்டும் என்றால் நாளை மதியம் 12 மணிக்குள் 'வேண்டும்' என்று மட்டும் பதில் எழுதுங்கள். முந்த வேண்டியதில்லை, வரிசை எண்படிதான் ஒதுக்குவோம்." இரவு ஏழு மணிக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் பாய்ந்து, ஒரே அட்டிகைக்கு மூன்று பேர் பணம் அனுப்பி, இரண்டு பேருக்குத் திருப்பித் தரும் கூத்து இதனால் நடக்காது. வீட்டில் கேட்டு முடிவெடுக்க வேண்டியவருக்கும் ஓர் இரவு கிடைக்கும்.

மதியம் எண்ணிப் பாருங்கள். ஜிமிக்கிக்கு 27 பேர் 'வேண்டும்' என்றால், வரிசையில் முதல் 18 பேருக்கு ஒதுக்குங்கள். மாலை 7 மணிக்கு அவர்களுக்குப் பணம் கட்டும் விவரம் போகட்டும், இரவு 10 மணி வரை அவகாசம். முகவரியும் பணமும் சரிபார்க்க ஓர் ஆர்டருக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். 36 ஆர்டருக்கு மூன்று மணி நேரம். இரண்டு பேர் இருந்தால் சமாளிக்கலாம், ஒருவர் மட்டும் என்றால் அட்டிகையையும் சுட்டியையும் 7 மணிக்கும், ஜிமிக்கியை எட்டரைக்கும் திறந்து, கடைசி அவகாசத்தை 11 வரை நீட்டுங்கள். கட்டாதவர் இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போகும்.

விலை பார்த்ததும் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் விலகினால், முன்னோட்டத்தில் எடையும் உலோகமும் அழுத்தமாகச் சொல்லப்படவில்லை என்று பொருள். அட்டிகைக்கு 24 பேர் சேர்ந்து நான்கு பேர் மட்டும் 'வேண்டும்' என்றால், அன்னப்பட்சிப் படம் ரசிகர்களைச் சேர்த்திருக்கிறது, வாங்குகிறவர்களை அல்ல. உடனே விலையைக் குறைக்காதீர்கள். முந்தைய இரவு அதே விலைக்கு ஒப்புக்கொண்ட நால்வர் இருக்கிறார்கள். மிஞ்சிய இரண்டையும் அதே விலையில் மறுநாள் பொதுவில் வையுங்கள்.

கிடைக்காத ஒன்பது ஜிமிக்கிக்காரர்களுக்கும் அன்றிரவே ஒரு செய்தி போக வேண்டும்: 18-உம் முடிந்தது, இதே ஜிமிக்கி தீபாவளிக்கு முன் திரும்ப வராது, மார்கழிக்குச் செய்தால் முதலில் சொல்லட்டுமா என்று கேட்டு. 'சரி' என்றவர்களின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, நகை எல்லாம் போய்ச் சேர்ந்ததும் மற்றவர்களை பிராட்காஸ்ட் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.